கார்டு தொலைந்தது, ஆப்பில் லாக் போட்டாச்சு. அதோடு முடிந்ததா?

வெண்பனி
மார்ச் 4, இரவு 7.40

ஒரு சின்னக் கேள்வி. இன்று மாலை 6.10க்கு டெபிட் கார்டு இல்லை என்று கவனித்தேன். பையின் முன் ஜிப் திறந்து கிடந்தது, உள்ளே இருந்த சின்ன பர்ஸ் காணோம். போன் கையில் இருந்ததால் 6.12க்கே பேங்க் ஆப்பைத் திறந்து கார்டை லாக் செய்துவிட்டேன். இரண்டே நிமிடம்! அதன்பிறகு நடந்த வழியெல்லாம் தேடிவிட்டு இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன். தங்கை "கஸ்டமர் கேருக்குப் பேசினாயா" என்று நச்சரிக்கிறாள். லாக் போட்ட கார்டில் யாரும் எதுவும் செய்ய முடியாது, அப்புறம் எதற்கு அரை மணி நேரம் பாட்டு கேட்டுக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும் என்பது என் கட்சி. நான் சொல்வது சரிதானே?

சட்டுபுட்டு
மார்ச் 4, இரவு 7.46

லாக் எல்லாம் நம்பாதீங்க. முதலில் கணக்கில் இருக்கிற பணம் மொத்தத்தையும் வேறு கணக்குக்கு மாற்றுங்கள். பணமே இல்லை என்றால் திருடன் எதைத் திருடுவான்? அடுத்தது போலீஸ் ஸ்டேஷன். புகார் நகல் இல்லாமல் பேங்க்காரன் பேசவே மாட்டான்.

மூன்றாம் கவுண்டர்
மார்ச் 4, இரவு 7.52

வெண்பனி, இதைப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம். எழுந்து போய் போன் பண்ணுங்கள். "கார்டு திருடு போய்விட்டது, நிரந்தரமாக ப்ளாக் செய்யுங்கள்" என்று அதே வார்த்தைகளில் சொல்லுங்கள். புகார் எண்ணும் அவர்கள் சொல்கிற நேரமும் எழுதிக்கொள்ளுங்கள். வாதம் அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

நம்பரை இணையத்தில் தேடி எடுக்காதீர்கள். தேடினால் முதலில் வருவது பேங்க் நம்பராகத்தான் இருக்கும் என்று நிச்சயமில்லை. ஆப்புக்குள்ளோ, பழைய ஸ்டேட்மென்டிலோ, அதே பேங்கின் வேறு கார்டின் பின்பக்கத்திலோ இருப்பதை எடுங்கள்.

வெண்பனி
மார்ச் 4, இரவு 8.34

பேசிவிட்டேன். ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை. கூத்தைக் கேளுங்கள்.

அதே பேங்கின் பழைய கார்டு ஒன்று மேசை டிராயரில் கிடந்தது. கவுண்டர் சொன்னபடி அதன் பின்பக்கம் பார்த்து நம்பரை அழுத்தினேன். தொலைந்த கார்டு பற்றி என்றால் ஒன்றாம் பட்டன், பாட்டு எல்லாம் இல்லை, மூன்று நிமிடத்தில் ஆள் வந்துவிட்டார். அரை மணி நேரம் என்று நான் பயந்தது வேறு வேலைக்காகக் காத்திருந்த அனுபவத்தை வைத்து. கார்டின் கடைசி நான்கு எண்கள் கேட்டார். கையில் இருந்த கார்டைப் பார்த்து மளமளவென்று வாசித்தேன். அவரும் "ப்ளாக் ஆகிவிட்டது மேடம்" என்றார். அப்போது மணி 8.05.

வைத்துவிட்டு ஆப்பைப் பார்த்தால், டிராயர் கார்டுக்கு மேல் சிவப்பாக "முடக்கப்பட்டது" என்று இருக்கிறது. தொலைந்த கார்டு பாட்டுக்கு வெறும் லாக்கில் சாதுவாக உட்கார்ந்திருக்கிறது. தொலைந்ததை விட்டுவிட்டு டிராயரில் பத்திரமாக இருந்ததைக் கொன்றிருக்கிறேன். மறுபடியும் பேசி, 8.22க்கு சரியான கார்டு ப்ளாக் ஆனது. இப்போது என்னிடம் கார்டே இல்லை.

சட்டுபுட்டு
மார்ச் 4, இரவு 8.40

இரண்டும் போச்சா :) சரி, பணத்தை மாற்றினீர்களா?

மூன்றாம் கவுண்டர்
மார்ச் 4, இரவு 9.15

நல்லவேளை ஆப்பைத் திறந்து பார்த்தீர்கள். நான் கார்டு பிரிவில் இருந்த காலத்தில் இந்தத் தவறை வாரத்துக்கு ஒன்றாவது பார்த்திருக்கிறேன். கூட்டுக் கணக்கில் இன்னும் மோசம். கணவருக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று என்று ஒரே கணக்குக்கு இரண்டு கார்டு இருக்கும். "என் கணக்கு கார்டை நிறுத்துங்கள்" என்று பதற்றத்தில் சொல்வார்கள், மறுமுனையில் ஏதோ ஒன்று நிற்கும். அதனால் கடைசி நான்கு எண்ணைச் சொல்வதோடு, எங்கே கடைசியாகப் பயன்படுத்தினோம் என்பதையும் சொல்ல வேண்டும். "அந்தக் கார்டில் கடைசியாக நடந்த பரிவர்த்தனை என்ன தெரிகிறது" என்று திருப்பிக் கேட்டால் இருவரும் ஒரே கார்டைப் பற்றித்தான் பேசுகிறோமா என்பது பத்து விநாடியில் தெரிந்துவிடும்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஆப்பில் போடும் லாக் கெட்டது என்று நான் சொல்லவில்லை, முதல் இரண்டு நிமிடத்துக்கு அதைவிட நல்லது இல்லை. ஆனால் அது பூட்டு, அவ்வளவுதான். கார்டு தொலைந்தது என்று பேங்கிடம் நீங்கள் இன்னும் சொல்லவில்லை. சோபா இடுக்கில் விழுந்திருக்கும் என்று நினைப்பவர்களும் அதே பட்டனைத்தான் அழுத்துகிறார்கள், வெளிநாட்டுச் செலவைக் கட்டுப்படுத்துகிறவர்களும் அதைத்தான் அழுத்துகிறார்கள். நாளைக்குப் பணம் போய்விட்டது என்று சண்டை வந்தால், எத்தனை மணிக்குத் தகவல் சொன்னீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. 6.12 என்று நீங்கள் சொல்வீர்கள், 8.22 என்று அவர்கள் சொல்வார்கள்.

சட்டமும் பல நாடுகளில் இந்த ஒரு நேரத்தைச் சுற்றித்தான் எழுதப்பட்டிருக்கிறது. அமெரிக்காவில் கார்டு தொலைந்தது தெரிந்து இரண்டு வேலைநாளுக்குள் பேங்கிடம் சொல்லிவிட்டால் வாடிக்கையாளரின் நஷ்டம் 50 டாலரைத் தாண்டாது, அதைத் தவறவிட்டால் 500 வரை போகலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் தகவல் சொல்வதற்கு முன் நடந்ததற்கு அதிகபட்சம் 50 யூரோ, நீங்களே ஏமாற்று வேலை செய்திருந்தாலோ படு அலட்சியமாக இருந்திருந்தாலோ தவிர. சொன்ன பிறகு நடந்ததற்கு ஒன்றும் கிடையாது, ஏமாற்று வேலை செய்திருந்தால் மட்டும் தவிர. உங்கள் ஊர் விதி வேறாக இருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் கடிகாரம் எங்கே நிற்கிறது என்பது மட்டும் பெரும்பாலும் ஒன்றுதான்.

கடலோடி
மார்ச் 4, இரவு 9.31

எல்லா பேங்கும் அப்படி இல்லை கவுண்டர் சார். என் ஆப்பில் லாக் அழுத்தியவுடன் "தொலைந்ததா, திருடப்பட்டதா, சும்மாவா" என்று கேட்கும். திருடப்பட்டது என்று தட்டினால் அங்கேயே புகார் எண் வந்துவிடும், யாருடனும் பேச வேண்டியதில்லை. அது தகவல் சொன்னதாக ஆகாதா?

மூன்றாம் கவுண்டர்
மார்ச் 4, இரவு 9.38

ஆகும். புகார் எண் வந்தால் அது தகவல்தான். வெறும் லாக் பட்டனைத்தான் சொன்னேன்.

வெண்பனி
மார்ச் 4, இரவு 10.50

கவுண்டர் எழுதியதைப் படித்தபின் ஆப்பில் "நிலுவையில் உள்ளவை" பகுதிக்குப் போய்ப் பார்த்தேன். இதுவரை அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை. எனக்கு எஸ்எம்எஸ் எதுவும் வரவில்லை, அதனால் எதுவும் நடக்கவில்லை என்று நிம்மதியாக இருந்தேன். எஸ்எம்எஸ் ஏன் வரவில்லை என்றால், போன வருடம் சின்னச் சின்னச் செலவுக்கெல்லாம் டிங் டிங் என்று அடிக்கிறதே என்று ஒரு தொகைக்கு மேல் போனால் மட்டும் சொல்லு என்று நானே மாற்றி வைத்திருக்கிறேன். சுத்தமாக மறந்துவிட்டேன்.

இருப்பது மூன்று. மாலை 5.41க்கு ஒரு சின்னத் தொகை, பெயர் ஏதோ "சர்வீசஸ்" என்று முடிகிறது, கேள்விப்பட்டதே இல்லை. 5.58க்கு இன்னொன்று, ஒரு பெரிய கடையில், கார்டைத் தட்டிச் செலுத்தியது. நான் அந்தக் கடைப் பக்கமே போகவில்லை. ஆக, நான் கவனிப்பதற்கு முன்பே கதை முடிந்திருக்கிறது.

மூன்றாவதுதான் வயிற்றைக் கலக்கியது. 7.31. லாக் போட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆன பிறகு! பதறிப்போய்ப் பார்த்தால், என் போட்டோக்களைச் சேமித்து வைக்கும் மாதச் சந்தா. அது நான் போட்டதுதான். ஆனால் லாக் போட்ட கார்டில் அது எப்படிப் போனது?

மூன்றாம் கவுண்டர்
மார்ச் 4, இரவு 11.12

லாக் தடுப்பது புதிய செலவை. ஏற்கெனவே நீங்கள் அனுமதி கொடுத்து மாதாமாதம் போகிற சந்தாவைப் பல பேங்குகள் வேண்டுமென்றே விட்டுவிடுகின்றன, இல்லையென்றால் விளையாட்டாக லாக் போட்டவர் வீட்டில் கரண்ட் பில் கட்டாமல் போய்விடும். அதனால் உங்களுக்குத் தெரியாத சந்தா ஏதாவது அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். புது கார்டு வந்தால் பழைய எண்ணில் இருந்ததெல்லாம் அறுந்துவிடும் என்று நினைக்காதீர்கள். விசா, மாஸ்டர்கார்டு இரண்டிலும் புது எண்ணைப் பழைய வணிகர்களிடம் தானாகவே கொண்டு சேர்க்கும் வசதி இருக்கிறது, பேங்க் அதில் சேர்ந்திருந்தால் சந்தாவும் கூடவே வரும். வசதிதான், திருடன் போட்ட சந்தாவாக இல்லாத வரை.

இன்னொன்று. வேறு ஏதாவது போனிலோ வாட்ச்சிலோ உங்கள் கார்டு சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று கஸ்டமர் கேரில் கேட்டு, இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். போனில் சேர்த்த கார்டுக்குத் தனி எண், அது கார்டு எண் அல்ல. ப்ளாக் செய்தால் அதுவும் சேர்ந்து நிற்க வேண்டும், நிற்கிறதா என்று வாயால் சொல்ல வைத்துவிடுவது நல்லது.

ஒத்தையடிப் பாதை
மார்ச் 5, காலை 6.48

எனக்கும் இதே பிரச்சினை. ஏடிஎம்மில் கார்டைப் போட்டேன், வெளியே வரவே இல்லை. பின்னால் நின்றவர் நல்ல மனிதர், கேன்சல் அழுத்திவிட்டு பின்னை மறுபடி போட்டால் வந்துவிடும் என்றார், போட்டேன், வரவில்லை. காலையில் பிராஞ்ச் திறந்ததும் போய் வாங்கிக்கொள்ளலாம் என்று வந்துவிட்டேன். எத்தனை மணிக்குத் திறப்பார்கள்?

மூன்றாம் கவுண்டர்
மார்ச் 5, காலை 6.55

ஐயா, பிராஞ்ச் திறக்கும்வரை இருக்காதீர்கள், இப்போதே ப்ளாக் செய்யுங்கள். அந்த நல்ல மனிதர் உங்கள் பின்னைப் பார்த்துவிட்டார். கார்டு போகும் வாயில் ஒரு மெல்லிய நாடாவைச் செருகி வைத்திருந்தால் கார்டு உள்ளேயும் போகாது வெளியேயும் வராது. நீங்கள் போனதும் நாடாவோடு கார்டையும் உருவிவிடலாம். இயந்திரம் நிஜமாகவே பிடித்துக்கொண்டிருந்தால் பெரும்பாலும் திரையில் அப்படிச் சொல்லும். உங்கள் திரையில் என்ன வந்தது?

ஒத்தையடிப் பாதை
மார்ச் 5, காலை 7.30

திரையில் கார்டைச் செருகவும் என்றே இருந்தது. ப்ளாக் செய்துவிட்டேன். இரவு 10.14க்கும் 10.16க்கும் இரண்டு தடவை எடுத்திருக்கிறார்கள். நான் வீட்டுக்கு நடந்து வந்துகொண்டிருந்த நேரம் அது.

கடலோடி
மார்ச் 5, காலை 8.05

அடப்பாவமே. பின் போட்டு எடுத்ததைத் திரும்ப வாங்குவதுதான் ரொம்பக் கஷ்டம். "பின் உங்களுக்கு மட்டும்தானே தெரியும்" என்பார்கள். ஏடிஎம் கேமரா பதிவை அழியாமல் எடுத்து வைக்கச் சொல்லி இன்றே எழுத்தில் கொடுத்துவிடுங்கள், நாள் போனால் மேலே புதிது பதிந்துவிடும்.

என் அனுபவம் வேறு மாதிரி. போனும் கார்டும் ஒன்றாகப் போனது, போன் கவரின் பின்னால் கார்டைச் செருகி வைத்திருந்தேன், அதைவிட முட்டாள்தனம் வேறு இல்லை. வெண்பனி மாதிரி ஆப்பைத் திறக்க எனக்கு வழியில்லை. பக்கத்தில் இருந்தவரின் போனை வாங்கிக் கையில் வைத்திருக்கிறேன், பேங்க் நம்பர் தெரியாது, என் தொலைந்த போனுக்குள்தான் சேமித்து வைத்திருக்கிறேன்! கடைசியில் தம்பிக்குப் போன் செய்து (அந்த ஒரு நம்பர்தான் மனப்பாடம்) அவன் வீட்டில் பேங்க் பாஸ்புக்கைத் தேடி எடுத்து நம்பர் சொல்லி, 25 நிமிடம் போய்விட்டது. அப்போது எனக்கு இருந்த குழப்பம், முதலில் சிம்மை நிறுத்துவதா கார்டையா என்பது. நான் சிம்மை நிறுத்தினேன், ஓடிபி அங்கேதானே வரும் என்று. அது சரியா என்று இன்றுவரை தெரியாது.

சட்டுபுட்டு
மார்ச் 5, காலை 8.20

சிம்தான் முதலில். ஓடிபி இல்லாமல் எதுவும் நடக்காது.

மூன்றாம் கவுண்டர்
மார்ச் 5, காலை 9.02

நடக்கும். கார்டைத் தட்டிச் செலுத்த ஓடிபி வேண்டாம். ஓடிபி கேட்காமலே வெறும் எண், காலாவதி தேதி, பின்னால் இருக்கும் மூன்று இலக்கத்தை மட்டும் வைத்துப் பணம் எடுக்கும் இணையதளங்களும் இருக்கின்றன. அந்த மூன்றும் கார்டிலேயே அச்சடித்திருக்கிறது.

ஆனால் கடலோடி செய்தது தவறு என்றும் சொல்ல மாட்டேன். அவர் போன் ஓடிபியைப் பூட்டிய திரையிலேயே காட்டுகிற மாதிரி இருந்திருந்தால் சிம் முக்கியம்தான். நானாக இருந்தால் பேங்க் முதலில், ஒரே அழைப்பில் கார்டோடு சேர்த்து ஆப்பையும் நெட்பேங்கிங்கையும் நிறுத்தச் சொல்வேன், அடுத்த அழைப்பு சிம்முக்கு. பக்கத்தில் இன்னொருவர் இருந்தால் இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யலாம். இதில் கருத்து வேறுபாடு இருக்கிறது என்று தெரியும்.

சட்டுபுட்டு, பணத்தை மாற்றுவது பற்றி நேற்று எழுதியதற்கும் பதில் சொல்லாமல் விட்டுவிட்டேன். பாதி சரி. கஸ்டமர் கேரில் ஆள் வரவே இல்லை, ஆப் திறக்கிறது, உங்கள் பெயரிலேயே இன்னொரு கணக்கு ஏற்கெனவே இணைத்திருக்கிறது என்றால் காதில் போனை வைத்துக்கொண்டே மாற்றிவிடுங்கள், டெபிட் கார்டு கையில் இருப்பவனுக்கு உங்கள் கணக்குப் பணம்தானே இலக்கு. ஆனால் இணைக்காத கணக்கு என்றால் புதிதாகச் சேர்த்து, சில மணி நேரம் காத்திருந்து, சின்ன வரம்புக்குள் அனுப்பி... அதற்குள் ப்ளாக்கே செய்துவிடலாம். நாளைக் காலை வீட்டுக்கடன் தவணை பிடிக்க வரும்போது கணக்கு காலியாக இருந்தால் அபராதம் வேறு.

சட்டுபுட்டு
மார்ச் 5, காலை 9.10

சரி சரி. ஆனால் போலீஸ் விஷயத்தில் நான் விட மாட்டேன்.

வெண்பனி
மார்ச் 5, மாலை 6.25

போலீஸுக்கு மதியம் போனேன், எழுதிக் கொடுத்தேன், நகல் வாங்கிவிட்டேன். பேங்கின் மறுப்புப் படிவத்தில் அந்த எண்ணுக்கு ஒரு கட்டம் இருக்கிறது, அதனால் சட்டுபுட்டு சொன்னது வீண் இல்லை. ஆனால் நேற்று 6.12க்கு நான் ஸ்டேஷனுக்கு ஓடியிருந்தால் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு மணி நேரமும் கார்டு உயிரோடு இருந்திருக்கும்.

5.41, 5.58 இரண்டையும் நான் செய்யவில்லை என்று பேங்கில் புகார் கொடுத்தேன். நிலுவையில் இருப்பதை இப்போது ஒன்றும் செய்ய முடியாது, கணக்கில் முறையாகப் பதிவான பிறகுதான் மறுப்பு எடுக்க முடியும் என்றார்கள். எரிச்சலாக இருந்தது, ஆனாலும் நான் சொன்னதைக் குறித்துக்கொண்டார்கள்.

இப்போது முக்கியமான கதை. காலை 11 மணிக்கு ஒரு அழைப்பு. "உங்கள் கார்டு பிரிவிலிருந்து பேசுகிறோம், உங்கள் கார்டு ஒருவரிடமிருந்து மீட்கப்பட்டிருக்கிறது, பெயர் சரிதானே?" என் முழுப் பெயர், கார்டின் முதல் நான்கு எண், காலாவதி மாதம் எல்லாம் சொன்னார். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். "ரத்து செய்ய உங்கள் பின்னை அழுத்துங்கள்" என்றார். விரல் கீபேடுக்கே போய்விட்டது. அப்போதுதான் தோன்றியது, நேற்று இரவே ரத்தாகிவிட்ட கார்டை இவர் இன்னொரு முறை எப்படி ரத்து செய்வார்? வைத்துவிட்டேன். என் நம்பர் எப்படித் தெரிந்தது என்று யோசித்து யோசித்து, பர்ஸில் ஒரு கூரியர் ரசீது இருந்தது நினைவுக்கு வந்தது.

மூன்றாம் கவுண்டர்
மார்ச் 5, இரவு 7.03

அவர் சொன்னதெல்லாம் கார்டின் முகத்திலேயே எழுதியிருப்பது. கார்டு கையில் இருக்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி, பேங்க்காரர் என்பதற்கு அல்ல. பின் மட்டும்தான் அவரிடம் இல்லை, அதைத்தான் கேட்டார். ரத்து செய்ய பின் தேவையே இல்லை. பெரும்பாலும் இப்படிப்பட்ட அழைப்பு திருட்டு நடந்த முதல் மணி நேரத்திலேயே வரும், நீங்கள் பதற்றத்தில் இருக்கும்போது. உங்களுக்குத் தாமதமாக வந்திருக்கிறது.

கடலோடி
மார்ச் 5, இரவு 7.20

என் பர்ஸில் முன்பெல்லாம் ஒரு சீட்டு இருக்கும், "சித்தப்பா ஆபீஸ்" என்று போட்டு ஒரு போன் நம்பர், அதன் கடைசி நான்கு இலக்கம் பின். ரொம்ப புத்திசாலித்தனம் என்று நினைத்திருந்தேன். எனக்கு சித்தப்பாவே கிடையாது.

மூன்றாம் கவுண்டர்
மார்ச் 5, இரவு 7.24

சித்தப்பாவை எல்லோருமே வைத்திருக்கிறார்கள். படு அலட்சியம் என்று நேற்று எழுதினேனே, அதற்கு பேங்குகள் முதலில் காட்டும் உதாரணம் அந்தச் சித்தப்பாதான்.

வெண்பனி
மார்ச் 7, காலை 8.15

புதிதாக ஒன்று முளைத்திருக்கிறது. ரயில் நிலைய நுழைவு வாயிலில் கார்டைத் தட்டியது. இன்று காலைதான் கணக்கில் வந்தது, ஆனால் நடந்த தேதி மார்ச் 4, இரவு 9.10. அதாவது சரியான கார்டை ப்ளாக் செய்து 48 நிமிடம் கழித்து! தங்கை "உன் ப்ளாக்கும் லாக் மாதிரிதான் போல" என்கிறாள். கவுண்டர், இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

மூன்றாம் கவுண்டர்
மார்ச் 7, காலை 8.50

அந்த வாயில் உங்கள் பேங்கிடம் கேட்கவே இல்லை. வரிசையில் நூறு பேர் நிற்கும்போது ஒவ்வொருவருக்கும் பதில் வரும்வரை கதவை மூடி வைத்திருக்க முடியாது. கார்டு நிஜமானதுதானா என்று சிப்பை மட்டும் சோதித்துவிட்டு உள்ளே விட்டுவிடும், பணத்தை அப்புறம் கேட்கும். கேட்கும்போது கார்டு செத்துவிட்டது என்று பதில் வந்தால் அந்த எண்ணைத் தன் தடைப் பட்டியலில் போட்டுக்கொள்ளும், அடுத்த தடவை திறக்காது. முதல் பயணம் மட்டும் தப்பிவிடும். விமானத்துக்குள் விற்கும் பொருள், சில பார்க்கிங் இயந்திரங்கள் எல்லாம் இதே ரகம். எல்லா டெபிட் கார்டும் இப்படி அனுமதிக்காது, உங்களுடையது அனுமதிக்கிறது போல.

ஆனால் கவலைப்படாதீர்கள், உங்கள் பட்டியலில் மிகச் சுலபமானது இதுதான். கணக்கில் வந்த தேதியைப் பார்க்காதீர்கள், நடந்த நேரத்தைப் பாருங்கள். 9.10. உங்கள் புகார் எண்ணில் இருக்கும் நேரம் 8.22. அந்த இரண்டையும் எழுதி அனுப்புங்கள், வேறு எதுவும் வேண்டாம்.

ஒத்தையடிப் பாதை
மார்ச் 7, காலை 11.20

கேமரா பதிவு கேட்டு எழுதிக் கொடுத்தேன். வேறு பேங்கின் இயந்திரம், அதனால் எங்கள் பேங்க் அவர்களிடம் கேட்க வேண்டுமாம். காத்திருக்கிறேன்.

வெண்பனி
மார்ச் 11, இரவு 9.40

ரயில் வாயில் பணம் திரும்ப வந்துவிட்டது, ஒரு கேள்வியும் இல்லாமல். கவுண்டர் சொன்னபடி இரண்டு நேரத்தை மட்டும் எழுதினேன்.

வெண்பனி
மார்ச் 13, இரவு 10.05

எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

இன்று ஒரு சான்றிதழைப் பிரதி எடுக்க, கார்டு தொலைந்த அன்று போயிருந்த அதே இடத்துக்கு மறுபடி போனேன், ஆளில்லாத பிரிண்டிங் இயந்திரம், நாமே கார்டைத் தட்டி நாமே எடுத்துக்கொள்ள வேண்டும். இயந்திரத்தின் பக்கவாட்டில், முழங்கால் உயரத்தில் ஒரு சின்ன ஸ்டிக்கர். நடத்தும் நிறுவனத்தின் பெயர். "சர்வீசஸ்" என்று முடிகிறது.

5.41 நான்தான்! அன்று நான்கு பக்கம் பிரதி எடுத்தேன். மேலே பெரிதாக வேறு பெயர் போட்டிருப்பதால் எனக்கு உறைக்கவே இல்லை. நான் செய்யவில்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

சட்டுபுட்டு
மார்ச் 13, இரவு 10.11

விட்டுத்தள்ளுங்கள், சின்னத் தொகைதானே. யாருக்குத் தெரியப் போகிறது.

மூன்றாம் கவுண்டர்
மார்ச் 13, இரவு 10.30

விடக் கூடாது. நாளை காலையே எழுதி அதைத் திரும்பப் பெறுங்கள். பேங்க் அந்தக் கடைக்காரரிடம் விளக்கம் கேட்கும், அந்த இயந்திரத்தில் கேமரா இருந்தால் உங்கள் முகம்தான் வரும், அதோடு நிஜமான 5.58ஐயும் யாரும் நம்ப மாட்டார்கள். முதல் மணி நேரத்தில் பட்டியலைப் பார்க்கும்போது பெயரைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது, நேரத்தைப் பார்த்து "அப்போது நான் எங்கே இருந்தேன்" என்று கேட்க வேண்டும். அதை நானும் அன்று உங்களிடம் சொல்லவில்லை. லாக்கா ப்ளாக்கா என்று பிரசங்கம் செய்துகொண்டிருந்துவிட்டேன்.

ஒரு லாபமும் இருக்கிறது. 5.41க்குக் கார்டு உங்கள் கையில், 5.58க்கு அவர் கையில். பதினேழு நிமிடம். எங்கே போனது என்று இப்போது தெரிகிறதா?

வெண்பனி
மார்ச் 14, மாலை 5.15

தெரிகிறது. பிரதியை எடுத்துவிட்டு, ஜிப்பை மூடாமல், பையை முதுகில் மாட்டிக்கொண்டு லிஃப்டில் நின்றேன். ஆறேழு பேர் இருந்தோம்.

5.41ஐ வாபஸ் வாங்கக் கடிதம் கொடுத்தாயிற்று. மறுமுனையில் இருந்த பெண் சிரிக்கவில்லை, "தினமும் ரெண்டு வருது மேடம், எங்களுக்குப் பழக்கம்" என்றார். 5.58க்கு இன்னும் பதில் இல்லை. கடைக்காரர் இருபது நாள் அவகாசம் கேட்டிருக்கிறாராம். புது கார்டு வந்துவிட்டது, டிராயர் கார்டுக்கும் சேர்த்துக் கட்டணம் பிடித்துவிட்டார்கள், அதற்குத் தனியாக ஒரு சண்டை போட வேண்டும்.

கடலோடி
மார்ச் 14, மாலை 5.32

அதற்கும் ஒரு புகார் எண் வாங்கிக்கொள்ளுங்கள். இந்தத் தடவை எந்தக் கார்டு என்று பார்த்துச் சொல்லுங்கள்.